பெட்டி பேசாத 8,640 ரூபாய்

மதுரை விளக்குத்தூண் பக்கம் சந்துக்குள் இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் ஒருவர் வில்லாபுரத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா. எங்கள் தெருதான். அவருடைய பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, கடையில் வரவில்லை என்ற தகராறு எழுந்தபோது, பணம் கொடுத்தவரின் பாஸ்புக், கடையின் வரவுப் பட்டியல் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. பொதுவாக இப்படி அமைவதில்லை. ஒருவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எதிராளியைத் திட்டுவார். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை. தீபாவளித் தையல் ஆர்டர்கள் ஆரம்பித்துவிட்ட நேரம். அக்கா தன் மகனோடு வந்து லைனிங் துணி, ஜாக்கெட் பிட், ஃபால்ஸ் என்று எடுத்தார். பில் 8,640 ரூபாய். இரவு 7 மணி 4 நிமிடத்துக்கு மேசையில் ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் செய்து, பின் நம்பர் போட்டார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடத்தில் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது: கணக்கிலிருந்து 8,640 ரூபாய் எடுக்கப்பட்டது. ஆனால் மேசை மேல் இருந்த சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் தன் போனில் வணிகர் ஆப்பைத் திறந்து பார்த்தார். அதிலும் இல்லை.

அக்கா எஸ்எம்எஸ்ஸைக் காட்டினார். கடைக்காரர் தலையை ஆட்டினார். "அக்கா, உங்களைச் சந்தேகப்படல. ஆனா போன மாசம் இதே மாதிரி ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் காட்டிட்டுப் போயிட்டான், இன்னைக்கு வரைக்கும் காசு வரல." இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வெற்றிகரமாகப் பணம் அனுப்பியதுபோல் போலித் திரை காட்டும் ஆப்கள் புழங்குகிற ஊரில், வாடிக்கையாளர் போனில் இருக்கும் பச்சை டிக் கடைக்காரருக்கு எதையும் நிரூபிக்காது.

பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், பஸ்ஸும் பிடிக்க வேண்டும். கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, 7 மணி 22 நிமிடத்துக்கு மகன் தன் போனிலிருந்து, கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில், அதே 8,640 ரூபாயைக் கட்டினான். இந்த முறை பெட்டி உடனே சொல்லிவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இந்த இரண்டாவது கட்டணம்தான் பிறகு எல்லாரையும் குழப்பியது. அது எப்படி என்று வருகிறேன்.

முதலில், 7 மணி 4 நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் பின் நம்பர் போட்டதும் நம்முடைய வங்கி பணத்தைக் கழிக்கிறது. பிறகு என்பிசிஐ நடத்தும் யுபிஐ மையம் வழியாகக் கடைப் பக்கத்து வங்கிக்கு, இந்தத் தொகையை வரவு வை என்று தகவல் போகிறது. அந்த வங்கி சில விநாடிகளுக்குள் வைத்தேன் என்றோ முடியவில்லை என்றோ சொல்ல வேண்டும். முடியவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை. கட்டணம் தோல்வி என்று ஆகி, பணம் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே திரும்பிவிடும். வம்பு எப்போது என்றால், அந்த வங்கி எந்தப் பதிலும் சொல்லாமல் நேரம் முடிந்துபோகும்போது. வரவு வைத்துவிட்டுப் பதில் அனுப்பும்போது லைன் அறுந்திருக்கலாம். வரவே வைக்காமலும் இருந்திருக்கலாம். நம்முடைய வங்கிக்கு வெளியிலிருந்து இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

அதனால்தான் வங்கி அவசரப்பட்டுப் பணத்தை நமக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. கடைக்கு வரவு ஆகியிருந்து, நமக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒரே தொகை இரண்டு முறை போய்விடும். கடைப் பக்கத்து வங்கி தன் ஏடுகளைச் சரிபார்த்து, வரவு வைத்துவிட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். அதுவரை அந்தக் கட்டணம் நடந்ததாகவே கருதப்பட்டு அந்தரத்தில் நிற்கும்.

சவுண்ட் பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அது வங்கிக் கணக்கைப் பார்த்துப் பேசுவதில்லை. அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. க்யூஆர் கொடுத்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து தகவல் வந்தால் பேசும். சிக்னல் இல்லாவிட்டால் பணம் வந்தும் பேசாது. சந்துக்குள் இருக்கும் கடைகளில் இது அடிக்கடி நடக்கும், அரை மணி நேரம் கழித்து நாலைந்து தொகைகளை வரிசையாகக் கத்தும். ஆகவே பெட்டி பேசாததால் மட்டும் பணம் வரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. கடைக்காரர் வணிகர் ஆப்பையும் பார்த்தது சரியான காரியம். ஆனால் அதுவும் முழுச் சான்று ஆகாது. இப்படிப்பட்ட க்யூஆரில் வரும் பணம் பெரும்பாலும் முதலில் அந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்து, பிறகு மொத்தமாகக் கடையின் வங்கிக் கணக்குக்கு வரும். அந்த மொத்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் செட்டில்மென்ட் பட்டியல் மறுநாள் கிடைக்கும். அதைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஞாயிறு காலையில் அக்காவின் ஆப்பில் வட்டம் போய் டிக் வந்திருந்தது. வெற்றி! அவர் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "8,640 ஒண்ணுதான் இருக்கு, அது உங்க பையன் போட்டது" என்றார். அக்கா ஆப்பில் உதவிப் பகுதிக்குப் போய்ப் புகார் பதிந்தார். சில மணி நேரத்தில் பதில் வந்து புகார் மூடப்பட்டது: கட்டணம் வெற்றி பெற்றுள்ளது, வணிகரைத் தொடர்பு கொள்ளவும். வணிகரோ வரவில்லை என்கிறார்.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன் இணையத்தில் தேடி ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறான். நல்லவேளை, கூப்பிடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். பத்து இலக்க சாதாரண மொபைல் எண். பணம் போய்ப் பதறுகிறவர்களுக்காகவே இப்படிப் பொய் எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், 'ரீஃபண்ட் வர' பின் நம்பர் போடச் சொல்வார்கள். பணம் உள்ளே வருவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. புகாரை ஆப்புக்குள்ளிருந்தோ, பாஸ்புக்கிலும் கார்டின் பின்புறமும் அச்சிட்ட எண்ணிலோ மட்டும்தான் செய்ய வேண்டும்.

திங்கள் 15 அன்று காலை நான் கடையின் செட்டில்மென்ட் பட்டியலை எடுத்தேன். தொகையை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடினேன். இந்த எண் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு யுபிஐ கட்டணத்துக்கு ஆப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் தெரியும். ஆப் தனக்காக வைத்துக்கொள்ளும் எண் ஒன்று, எழுத்தும் இலக்கமும் கலந்து நீளமாக இருக்கும். புகார் செய்தால் வரும் டிக்கெட் எண் இன்னொன்று. இவை இரண்டும் வங்கிக்குப் பயன்படாது. வங்கிகள் இரு பக்கமும் பொதுவாகப் புரிந்துகொள்ளும் எண் 12 இலக்கம். யுடிஆர் என்றும், யுபிஐ ரெஃபரன்ஸ் என்றும், ஆர்ஆர்என் என்றும் இடத்துக்கு ஒரு பெயரில் வரும். எஸ்எம்எஸ்ஸிலும் பாஸ்புக்கிலும் இருப்பது இதுதான். பெரும்பாலும் இதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். செப்டம்பர் 13 என்பது 256ஆவது நாள். அக்காவின் எண் 5256 என்று ஆரம்பித்தது. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் எண் சரியான நாளுடையதுதானா என்று பார்க்க இது கைகொடுக்கும்.

மகன் போட்ட கட்டணமும் அதே நாள். ஆகவே அதுவும் 5256 என்றுதான் ஆரம்பித்தது. தொகையும் ஒன்று, கடையும் ஒன்று, 18 நிமிட இடைவெளி. வித்தியாசம் கடைசி எட்டு இலக்கத்தில் மட்டும்தான். அக்காவுடையது 417 என்று முடிந்தது, மகனுடையது 093 என்று முடிந்தது. பட்டியலில் 093 இருந்தது. 417 இல்லை. கடையின் வங்கிக் கணக்கிலும், மொத்த வரவு பட்டியலின் கூட்டுத்தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது. இதற்குப் பிறகு கடைக்காரர் மறைக்கிறாரோ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்றும் மறுநாளுமாக மூன்று இடத்தில் புகார் பதிந்தோம். ஆப்பில் இந்த முறை குறிப்பிட்ட கட்டணத்தைத் திறந்து, பணம் கழிந்தது ஆனால் வணிகருக்குச் சேரவில்லை என்ற வகையைத் தேர்ந்தெடுத்தோம். ஞாயிறன்று அக்கா பொதுவான கேள்வி என்ற வகையில் போட்டிருந்தார். அப்படிப் போட்டால் அது விசாரணைக்கே போகாமல் ஆயத்தப் பதிலோடு மூடப்படும். கட்டணத்தின் விவரப் பக்கத்திலிருந்து போகும் புகார் வேறு, அது யுபிஐயின் புகார்த் தீர்வு ஏற்பாட்டுக்குள் போய் வங்கிகளிடம் நிலையைக் கேட்கும்.

இரண்டாவது, கடைக்காரர் தன் க்யூஆர் நிறுவனத்திடம் செய்த புகார். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பணம் எங்கே நிற்கிறது என்ற விடை கடைப் பக்கத்து ஏட்டில்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர் கடைக்காரர். "எனக்குத்தான் காசு வந்திருச்சே, நான் எதுக்குக் கேக்கணும்?" என்றார் முதலில். நியாயம்தான், அவருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பணம் தாமதமாக அவர் கணக்கில் விழுந்தால் அடுத்த மாதம் கணக்கில் பில் இல்லாத 8,640 உட்கார்ந்திருக்கும், எனக்குத் தலைவலி என்று நான் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, அக்காவின் வங்கிக் கிளை. செவ்வாய்க்கிழமை நேரில் போனோம். கவுன்டரில், "ஆப்ல கம்ப்ளெயின்ட் போடுங்கம்மா, இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். பணத்தைக் கழித்தது ஆப் இல்லை, வங்கி. ஆப்பில் புகார் செய்தது வங்கியில் புகார் வாங்காமல் இருக்கக் காரணம் ஆகாது. கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம், புகார் எண்ணும் கேட்டு வாங்கினோம். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"13.09.2025 இரவு 7.04க்கு என் கணக்கிலிருந்து ரூ.8,640 யுபிஐ மூலம் கழிக்கப்பட்டது (ரெஃபரன்ஸ் எண் இணைப்பில்). இத்தொகை வணிகருக்குச் சேரவில்லை. அவருடைய செட்டில்மென்ட் பட்டியலும் எழுத்துமூல உறுதியும் இணைப்பில் உள்ளன. அதே நாள் 7.22க்கு அதே தொகை வேறொரு கணக்கிலிருந்து அதே வணிகருக்குச் செலுத்தப்பட்டுள்ளது. அதன் எண் வேறு. இப்புகார் முதல் கட்டணத்தைப் பற்றியது மட்டுமே. தொகையைத் திருப்பித் தரவும்."

கடைசிக்கு முந்தைய இரண்டு வரிகளும் சேர்த்தது வீண் போகவில்லை. புதன்கிழமை க்யூஆர் நிறுவனம் கடைக்குப் பதில் அனுப்பியது: 13ஆம் தேதி ரூ.8,640 வந்தது, செட்டில் ஆகிவிட்டது. கீழே எண் கொடுத்திருந்தார்கள், முடிவு 093. அங்கே உட்கார்ந்திருப்பவர் தேதியையும் தொகையையும் போட்டுத் தேடி, கிடைத்ததைக் காட்டி மூடிவிட்டார். கடைக்காரர் திரும்ப எழுதினார்: நீங்கள் சொல்வது 093, நான் கேட்பது 417. இந்த ஒரு வரிப் பதில் போன பிறகுதான் அங்கே யாரோ உண்மையில் ஏட்டைப் புரட்டியிருக்க வேண்டும்.

இப்போது கெடுவைப் பற்றி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, தோல்வியடைந்த கட்டணங்களை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று வகைவாரியாகச் சொல்கிறது. யுபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, பெறுபவர் கணக்கில் சேரவில்லை என்றால் கட்டணம் நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தி உறுதி வரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் வங்கியே வரவு வைக்க வேண்டும். காலண்டர் நாள்தான் கணக்கு, ஞாயிறும் சேரும்.

எந்தக் கெடு நமக்குப் பொருந்தும் என்பது க்யூஆரைப் பொறுத்தது. தள்ளுவண்டியிலும் சிறு டீக்கடையிலும் ஒட்டியிருப்பது பல நேரம் உரிமையாளரின் சொந்தக் கணக்கு க்யூஆர். அது ஆளுக்கு ஆள் அனுப்பும் கணக்கில் வரும். இந்தக் கடையுடையது வணிகர் க்யூஆர். சில வங்கிகளின் பாஸ்புக் வரியில் இதைக் குறிக்கும் எழுத்துகளும் இருக்கும், `P2M` என்றால் வணிகருக்கு, `P2A` என்றால் கணக்குக்கு. அக்காவுடையதில் `P2M` என்று இருந்தது. எனவே 13ஆம் தேதியிலிருந்து ஐந்து நாள், 18 வியாழனோடு கெடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை வங்கியின் பதில் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. கட்டணம் வெற்றி, வணிகரை அணுகவும். அக்கா சோர்ந்துபோனார். "விட்டுத்தள்ளு தம்பி, பையன் ஃபீஸுக்கு நகையை வச்சுக்கிறேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் ஆச்சரியமாக இல்லை. மேலே சொன்ன அந்தரத்தில் நிற்கும் கட்டணத்தை வங்கித் திரையில் பார்த்தால் வெற்றி போலத்தான் தெரியும். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். இந்த முறை கேள்வியை மாற்றினோம். வெற்றியா தோல்வியா என்று கேட்கவில்லை. இந்த எண்ணுக்குக் கடைப் பக்கத்து வங்கி வரவு உறுதி கொடுத்திருக்கிறதா, கொடுத்திருந்தால் எந்தத் தேதியில் என்று கேட்டோம். என்பிசிஐயின் இணையதளத்தில் யுபிஐ புகார்ப் பகுதியிலும் அதே எண்ணைப் பதிந்தோம். அதற்குமேல் உள்ள படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், `cms.rbi.org.in` தளத்தில். ஆனால் அங்கே போக முதலில் வங்கியில் எழுத்துமூலம் புகார் செய்து 30 நாள் பதில் இல்லாமலோ, வந்த பதில் திருப்தி தராமலோ இருக்க வேண்டும். முத்திரை போட்ட நகல் அப்போது தேவைப்படும். எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

22 திங்கட்கிழமை பணம் வந்துவிட்டது. ஆனால் அக்காவுக்கு அது புதன்கிழமைதான் தெரியும். ஆப்பில் எந்த அறிவிப்பும் இல்லை, பழைய கட்டணத்தின் மேல் இன்னும் அதே டிக்தான். கிளை வாசலில் இருக்கும் மெஷினில் பாஸ்புக்கைச் செருகியபோது, ரிவர்சல் என்ற குறிப்போடு 417இல் முடியும் அதே எண்ணில் 8,640 வரவு ஏறியிருந்தது. இப்படித் திரும்பும் பணத்தை ஆப்பில் தேடினால் தென்படாமல் போகலாம், வங்கிக் கணக்கு அறிக்கையில்தான் தேட வேண்டும். கடைக்காரருக்கும் அதே வாரம் பதில் வந்தது: 417க்கு வரவு வைக்கப்படவில்லை, தொகை திருப்பப்பட்டது.

மகன் செலுத்திய பணம் கடைக்குச் சரியாகச் சேர்ந்த பணம், அதில் தொட எதுவும் இல்லை. அக்கா அந்த 8,640ஐ மகன் கணக்கில் போட்டுவிட்டார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல் கட்டணம் திரும்பாமல், தாமதமாகக் கடைக்குச் சேர்ந்திருந்தால் வங்கியிடம் கேட்க ஒன்றும் இருந்திருக்காது. கடைப் பக்கத்து வங்கி வரவு உறுதி கொடுத்துவிட்டால் வங்கியைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. ஒரே பில்லுக்கு இரண்டு முறை வாங்கியதைக் கடைக்காரர் கையிலிருந்துதான் திருப்பி வாங்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டாவது முறை கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதல் கட்டணத்தின் 12 இலக்கத்தையும், அது வந்து சேர்ந்தால் திருப்பித் தருவேன் என்பதையும் பில்லின் பின்னால் கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தெரிந்த கடையானாலும் சரி.

இழப்பீடு மட்டும் தானாக வரவில்லை. கெடு 18, பணம் வந்தது 22, நான்கு நாள் தாமதம், 400 ரூபாய். சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு 24ஆம் தேதி இன்னொரு கடிதம் கொடுத்தோம். கவுன்டரில் இருந்தவர், "பணந்தான் வந்துருச்சேம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்டார். முத்திரை மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றேன். அக்டோபர் 6 அன்று 400 ரூபாய் ஏறியது. அக்கா பாஸ்புக்கைக் கொண்டுவந்து அந்த வரியைக் காட்டி, இது யார் போட்ட பணம், திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்.